பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து ஒரு ஸ்டைல் ஷீட்

பத்திரிகையில் ஏற்கெனவே வந்த கதைகளைத் தொகுப்பாகப் போடுவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதியாகிவிட்டது, அச்சிலும் வந்துவிட்டது, இனி கொஞ்சம் துடைத்துக் கொடுத்தால் போதும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஞாயிறு பதிப்புகளிலும் தீபாவளி மலர்களிலும் வந்த என் கதைகளில் பதினான்கைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, பினாங்கிலேயே அச்சடித்துவிடலாம் என்று இறங்கினேன். புத்தகம் வெளியே வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் முதல் வருடமும் 1,800 வெள்ளியும் எதற்கும் உதவாமல் போயின. நீ எழுதும் விதத்துக்கான விதிகளைப் போட்டு ஒரு தாளை முதலிலேயே தயார் செய்து வைத்துக்கொள் என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அந்த வருடம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கதைகளை எடிட் செய்து கொடுக்க ஒருவரை அமர்த்தினேன். நல்ல படிப்பாளி, தமிழ் நன்றாகத் தெரிந்தவர், வேலையில் சோம்பல் கிடையாது. சொன்ன தேதிக்கு முன்பே பதினான்கு கதைகளையும் திருப்பி அனுப்பினார். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை, ஒற்றெல்லாம் சரியாக விழுந்திருந்தது. ஆனால் முதல் கதையைப் படித்தபோது வேறு யாரோ எழுதியதை என் பெயரில் படிப்பது போல இருந்தது. என்ன மாறிவிட்டது என்று விரல் வைத்துக் காட்டவும் எனக்குத் தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டு, "நல்லாதான் சார் இருக்குது, ஆனா என்னோடது மாதிரி இல்லை" என்றேன். "எந்த இடம்னு சொல்லுங்கம்மா, மாத்திடலாம்" என்றார். நியாயமான கேள்விதான், என்னிடம்தான் பதில் இல்லை. சொல்லத் தெரியாத கோபம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அனுபவித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நானே திருத்த உட்கார்ந்தேன். ஒரு கதையைப் பழையபடி கொண்டுவந்தால் அடுத்த கதை வேறு பக்கம் இழுத்தது. காலையில் திருத்தியதை ராத்திரி படித்தால் பிடிக்காது. ஒரு வாரம் வாக்கியத்தையெல்லாம் வெட்டிக் குட்டையாக்கினேன், அடுத்த வாரம் அதுவே மொட்டையாகத் தெரிந்து மறுபடி நீட்டினேன். எந்தத் திருத்தத்துக்கும் எதிரே வைத்துப் பார்க்க ஒரு அளவு இல்லாததால், அன்றன்றைய மனநிலைதான் அளவாக இருந்தது. மாதக்கணக்கில் இப்படியே போனது.

கோலாலம்பூரில் ஆங்கிலப் பதிப்பகம் ஒன்றில் காப்பி எடிட்டராக இருந்த என் தோழி பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவர்கள் தொழிலில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக ஒரு ஸ்டைல் ஷீட் போடுவார்களாம். எந்தச் சொல்லை எப்படி எழுதுவது, எண்ணை இலக்கத்தில் போடுவதா எழுத்தில் போடுவதா, பாத்திரங்களின் பெயர் என்ன எழுத்துக்கூட்டு, இப்படி அந்தப் புத்தகத்துக்காக எடுத்த முடிவு எல்லாவற்றையும் அகரவரிசையில், முதலில் வந்த பக்க எண்ணோடு எழுதி வைப்பார்களாம். பதிப்பகத்துக்கென்று பொதுவிதி இருந்தாலும் இந்தத் தாள் அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டுமானது. "நீங்க அத எழுத்துக்கூட்டோட நிறுத்தாம, எழுதுற விதத்துக்கும் சேத்துப் போடுங்கக்கா. விதிய எங்கேயும் போயித் தேட வேணாம் லா, நீங்க எழுதுனதுலேயே இருக்கும்" என்றாள். அந்த யோசனை அவளுடையது. அதைத் தமிழுக்கும் என் கதைகளுக்கும் பொருத்திக்கொள்ள நான் என்னென்ன செய்தேன் என்பதுதான் மிச்சம்.

முதல் வேலை, எந்தப் பழைய எழுத்தை எடுப்பது. இங்கேதான் பலரும் நறுக்கு வெட்டி ஒட்டிய ஃபைலைத் திறப்பார்கள். அதை மூடி வையுங்கள். பத்திரிகையில் வந்த கதையில் துணையாசிரியர் கை பட்டிருக்கும். இடம் போதாமல் ஒரு பத்தியை வெட்டியிருப்பார், தலைப்பை மாற்றியிருப்பார், இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கியிருப்பார். அது அவர் வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்துத் தாள் போட்டால் பாதி விதி அவருடையதாகிவிடும். எனக்கு நல்ல காலம், 2005 வரைக்கும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களில்தான் கையால் எழுதினேன், அவற்றைத் தூக்கிப் போடவில்லை. ஒரு கதையின் நறுக்கையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நோட்டில் கதை முடிந்த இடத்துக்குப் பிறகு அச்சில் இன்னும் மூன்று வரி இருந்தது. அந்த மூன்று வரியைப் பல பேர் பாராட்டி, நானும் என்னுடையது என்றே நம்பிக்கொண்டு, பிறகு எழுதிய கதைகளிலெல்லாம் அதே மாதிரி முடிவு வைத்திருக்கிறேன்! கைப்பிரதி இல்லாதவர்கள் அந்தக் காலத்து மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பைத் தேடுங்கள், அதுவும் இல்லையென்றால் யாரும் திருத்தாமல் போன கடிதங்கள், நாட்குறிப்புகள்கூட உதவும்.

கணினிக் கோப்பில் ஒரு தொல்லை உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கதைகளை மாற்றியபோது, சில இடங்களில் 'கொ' என்பதில் உள்ள குறி ஒரே எழுத்தாகவும், சில இடங்களில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவும் வந்துவிட்டன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் என் மென்பொருளில் தேடினால் ஒரு வகை மட்டும் கிடைத்தது. 'ஔ' என்பதை 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு அடித்திருந்த இடங்களும் அப்படியே தப்பின. ஒரு சொல்லை எத்தனை தடவை பயன்படுத்தியிருக்கிறேன் என்று எண்ணப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். கோப்பிலிருந்தே அந்த எழுத்தை நகலெடுத்துத் தேடு பெட்டியில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது, இரண்டு குவியல். இப்போது படித்தாலும் கை வைக்கத் தோன்றாத கதைகள் ஒரு பக்கம், படிக்கவே கூசும் கதைகள் இன்னொரு பக்கம். பரிசு வாங்கியதா, ஊரில் பேசினார்களா என்பதைப் பார்க்கக் கூடாது. எனக்கு முதல் குவியலில் ஆறு வந்தது, இரண்டாவதில் நான்கு. மீதியை ஒதுக்கி வைத்தேன், அவை குழப்பும். கூசும் குவியல் எதற்கு என்று கேட்கலாம். நல்ல கதைகளை மட்டும் பார்த்தால் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் என் நடை என்று எழுதிவிடுவேன். 'ஒரு' என்ற சொல் என் கதைகளில் அள்ளிக் கிடக்கிறது: ஒரு மாதிரி, ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு. நல்ல கதையிலும் கிடக்கிறது, மோசமான கதையிலும் அதே அளவு கிடக்கிறது. அப்படியென்றால் அது என் கைப்பழக்கம், கதை நன்றாக வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல குவியலில் இருந்து கூசும் குவியலில் இல்லாதது எதுவோ அதைத்தான் தாளில் விதியாக எழுத வேண்டும். இரண்டிலும் இருப்பதைத் தாளின் கீழே தனியாக எழுதிவைத்தால் போதும், கடைசிச் சுற்றில் களை எடுக்கலாம்.

இப்படி ஒப்பிட்டதில் எனக்குக் கிடைத்த முதல் விதி வாக்கியத்தைப் பற்றியது. முதலில் சொற்களை எண்ணினேன், சரிவரவில்லை. தமிழில் 'எழுதிக்கொண்டிருந்தாள்' என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்தால் இரண்டு, மூன்று என்று போகும். நானே வருடத்துக்கு ஒரு மாதிரி பிரித்திருக்கிறேன். அதனால் எண்ணும் முறையை மாற்றி, வினைமுற்றுக்கு முன்னால் எத்தனை வினை முடியாமல் தொங்குகிறது என்று பார்த்தேன். வந்து, போய், பார்த்ததும், எடுக்காமல், எழ என்று முற்றுக்காகக் காத்திருக்கும் எல்லாவற்றையும் எண்ணினேன், இலக்கணப்படி அது எச்சத்தில் எந்த வகை என்று கவலைப்படவில்லை. நல்ல ஆறு கதைகளில் பெரும்பாலான வாக்கியத்தில் ஒன்று தொங்கியது, சிலவற்றில் இரண்டு, அதற்கு மேல் அபூர்வம். கூசும் கதைகளில் நான்கு, ஐந்து என்று சரம் சரமாகக் கிடந்தது. எடிட் ஆகி வந்த பிரதியை எடுத்து எண்ணினேன், அங்கேயும் நான்கு, ஐந்து. ஒரு வருடமாக விரல் வைக்க முடியாத இடம் அதுதான். அவர் என் கதையை என் மோசமான கதைகளின் நடைக்கு மாற்றியிருக்கிறார், அவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

ஒரு இடத்தை முழுதாகக் காட்டுகிறேன். பட்டர்வொர்த்தில் இருந்து மருத்துவமனைக்குப் போகும் அம்மாவும் பையனும் வருகிற கதை. நோட்டில் இப்படி இருக்கிறது: "பெர்ரி கரையைத் தொட்டது. சங்கிலி கடகடவென்று இறங்கியது. அம்மா மடியில் இருந்த பையை எடுக்கவில்லை. பசியாற வாங்கிய அப்பம் உள்ளேயே இருந்தது, சூடு போய்."

எடிட் ஆகி வந்தது: "படகு கரையை வந்தடைந்து, சங்கிலி பேரோசையுடன் கீழிறங்கியதும் பயணிகள் எழத் தொடங்க, அம்மா மட்டும் சொல்லொணா வேதனையில் ஆழ்ந்து, காலைச் சிற்றுண்டிக்காக வாங்கி ஆறிப்போன அப்பம் இருந்த பையை மடியிலிருந்து எடுக்காமல் அமர்ந்திருந்தாள்."

பையை விவரிக்கும் பகுதியை விட்டுவிட்டு எண்ணினாலும் ஐந்து தொங்குகிறது. வந்தடைந்து, கீழிறங்கியதும், எழத் தொடங்க, ஆழ்ந்து, எடுக்காமல். வாசிக்கிறவர் இந்த ஐந்தையும் கையில் பிடித்துக்கொண்டு 'அமர்ந்திருந்தாள்' வரும்வரை நடக்க வேண்டும். பையன் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் அந்தக் கதை, அது இதில் போய்விட்டது. அப்புறம் 'சொல்லொணா வேதனை'. என் இரண்டாவது விதி இங்கே இருக்கிறது. நல்ல ஆறு கதைகளிலும் கதை சொல்கிற குரல் சோகம், வேதனை, ஏக்கம் என்று உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவே இல்லை. அந்த இடத்தில் யாராவது கையால் ஏதாவது செய்கிறார்கள், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்கிறார்கள். மூன்றாவது, முற்றுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு போடுவது: 'உள்ளேயே இருந்தது, சூடு போய்.' தமிழாசிரியராக இருந்தவள் நான், மாணவர்கள் இப்படி எழுதினால் சிவப்பு மை போட்டிருப்பேன். ஆனால் நல்ல கதைகளில் ஒவ்வொன்றிலும் ஓரிரு இடத்தில் இது வருகிறது, மிக முக்கியமான பொருளைச் சொல்லும் இடத்தில் மட்டும் வருகிறது. கூசும் கதைகளில் ஒன்றுகூட இல்லை. அதனால் "கதைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்" என்ற வரம்போடு தாளில் ஏறியது.

தாளை வைத்து நான் மறுபடி எழுதியது: "பெர்ரி கரையைத் தொட்டது. சங்கிலி இறங்கியது. முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அம்மா மடியில் இருந்த பையை எடுக்கவில்லை. பசியாற வாங்கிய அப்பம் உள்ளேயே இருந்தது, சூடு போய்."

கவனித்தீர்களா, எழுந்தவர்களைப் பற்றிய வாக்கியம் நோட்டில் இல்லை, எடிட் செய்தவர் கொடுத்தது. மற்றவர்கள் எழுந்தது தெரிந்தால்தான் அம்மா எழாதது தெரியும் என்று அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். தாள் இருந்ததால்தான் அதை என் வாக்கியமாக்கி எடுத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு முன்பு கோபத்தில் அவர் செய்த எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். 'கடகட'வை எடுத்ததற்கும் தாள்தான் காரணம். ஒலிக்குறிப்புச் சொல் எனக்கு இரண்டு குவியலிலும் ஏராளம், களை எடுக்க வேண்டிய வரிசையில் இருந்தது.

பேச்சு வரும் இடங்களுக்குத் தனியாக அரைப் பக்கம் ஒதுக்க வேண்டியிருந்தது. கதை சொல்வது எழுத்துத் தமிழ், பேசுவது நம் ஊர்ப் பேச்சுத் தமிழ் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகமில்லை. ஆனால் பேச்சுத் தமிழுக்கு எழுத்துக்கூட்டு நாமே முடிவு செய்ய வேண்டியது. ஒரே கதையில் 'வந்துச்சு', 'வந்திச்சு', 'வந்தது' மூன்றும் இருந்தன. 'போய்ட்டு', 'போயிட்டு' இரண்டும் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் மாற்றலாம் என்று ஆரம்பித்தபோது, பாட்டிமார் வாயில் எல்லாம் 'வந்திச்சு' என்றும் இளையவர்கள் வாயில் 'வந்துச்சு' என்றும் நானே பெரும்பாலும் பிரித்து எழுதியிருப்பது தெரிந்தது. திட்டம் போட்டுச் செய்ததில்லை, காதில் கேட்டபடி வந்திருக்கிறது. அதனால் தாளில் ஆளுக்கு ஒரு வரி போட்டேன்: இந்தப் பாட்டி 'வந்திச்சு', 'இருக்குது', பேரன் 'வந்துச்சு', 'இருக்கு', நடுவில் ஒரு 'லா'. அப்பா மட்டும் தோட்டத்துக் கிராணியிடம் பேசும்போது 'இருக்குதுங்க'. பேச்சுக்குப் பின்னால் 'என்றாள்' தவிர வேறெதுவும் போடுவதில்லை என்பதும் இங்கேதான் எழுதியிருக்கிறது. எடிட் ஆன பிரதியில் அவர்கள் எல்லோரும் வினவினார்கள், விடையளித்தார்கள், முணுமுணுத்தார்கள்.

சடக்கு, லோரி, பாசார், பசியாறுதல், வெள்ளி மாதிரி நம் ஊர்ச் சொற்கள் பற்றி விதி ஒரே வரிதான். அப்படியே போடுவது, மேற்கோள் குறி கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது. நல்ல கதைகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது, இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தாளின் அமைப்பு பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். ஏ4 தாளின் இரண்டு பக்கம், அதற்கு மேல் போகக் கூடாது. முதல் பக்கத்தில் நடை விதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பழைய கதையிலிருந்து ஒரு வாக்கியம், எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்ற குறிப்போடு. வாக்கியம் இல்லாமல் விதியை மட்டும் எழுதினால் நாலு மாதம் கழித்து அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கே தெரியாது. 'எளிமையாக எழுதுக' என்று நான் முதலில் ஒன்று எழுதிவைத்தேன், அதற்கு எடுத்துக்காட்டு தேடியபோது எந்த வாக்கியமும் பொருந்தியது, எந்த வாக்கியமும் பொருந்தவில்லை. அடித்துவிட்டேன். இரண்டாவது பக்கத்தில் எழுத்துக்கூட்டுப் பட்டியல், அகரவரிசையில். குறைந்தது மூன்று நல்ல கதைகளில் வராத எதையும் நடை விதியாக ஏற்றக் கூடாது என்றும் வைத்துக்கொண்டேன், இல்லையென்றால் அன்றைக்குப் பிடித்த ஒரு வாக்கியமெல்லாம் சட்டமாகிவிடும்.

பயன்படுத்தும்போது ஒன்று முக்கியம். புதிதாக எழுதும்போது தாளை எடுக்கவே கூடாது. முதல் பிரதியில் அதைப் பார்த்துக்கொண்டு எழுதிய கதை நடக்கவே மறுத்தது, இரண்டாவது பத்தியிலேயே எச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். முழுதாக எழுதி, சில நாள் கிடப்பில் போட்டு, ஒரு தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் தாள் வெளியே வரும். அப்போதும் ஒரு சுற்றுக்கு ஒரு விதி. எச்சத்துக்கு ஒரு சுற்று, உணர்ச்சிப் பெயருக்கு ஒரு சுற்று, பேச்சுக்கு ஒரு சுற்று, கடைசியில் எழுத்துக்கூட்டு. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்தால் எழுத்துக்கூட்டுதான் முதலில் கண்ணில் படும், வாக்கியம் தப்பித்துவிடும். விதி உடைந்த இடத்தில் உடனே திருத்தாமல் ஓரத்தில் விதி எண்ணை மட்டும் போட்டுக்கொண்டே போகிறேன். பிறகு திரும்பி வந்து, இது இங்கே உடையத்தான் வேண்டும் என்று ஒரு வரியில் காரணம் எழுத முடிந்தால் விட்டுவிடுகிறேன். ஒரு கதையில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி ஏறும் இடம், ஒரே வாக்கியத்தில் ஏழு தொங்குகிறது. படிக்கிறவருக்கும் மூச்சு வாங்கட்டும் என்று ஓரத்தில் எழுதி அப்படியே விட்டேன், புத்தகத்திலும் அப்படியேதான் இருக்கிறது.

பதினான்கு கதைகளையும் இந்த முறையில் முடிக்க ஏறக்குறைய ஏழு மாதம் பிடித்தது. பிறகு பிழை பார்க்க வேறொருவரிடம் கொடுத்தேன், சுங்கைப் பட்டாணியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், 600 வெள்ளி. இந்த முறை கதைகளோடு தாளையும் சேர்த்துக் கொடுத்து, தாளில் இருப்பதை மாற்ற வேண்டாம், சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை, குரலில் தெரிந்தது. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "டீச்சர், ஒன்பதாவது கதையில பாட்டி 'வந்துச்சு'ங்கிறாங்க. தாள்ல 'வந்திச்சு'ன்னு போட்டிருக்கீங்க. எது சரி?" என்றார். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. எடிட்டரோ பிழை திருத்துபவரோ யாரிடம் கொடுத்தாலும் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் மனதில் இருக்கும் நல்ல தமிழ் எது என்று நமக்குத் தெரியாது, நம் மனதில் இருப்பது அவர்களுக்கும் தெரியாது.

இது எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் நல்ல ஆறு கதைகளும் தோட்டத்தையோ பட்டர்வொர்த்தையோ சேர்ந்தவை, பெரும்பாலும் ஒரு சின்னப் பையனோ பெண்ணோ பார்ப்பது. தொகுப்புக்குப் பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு செய்யும் பெண்ணை வைத்து, அவளே பேசுவது போல ஒரு கதை எழுதினேன். அவள் வாயாடி, மூச்சு விடாமல் பேசுகிறவள், தன் மனதில் இருப்பதைப் பெயர் சொல்லியே சொல்கிறவள். தாளின்படி திருத்தத் திருத்த அவள் ஊமையாகிக்கொண்டே வந்தாள். பழைய எழுத்திலிருந்து எடுத்த விதிக்கு, பழைய எழுத்தில் இல்லாத குரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் கதைக்கு எச்ச விதியையும் உணர்ச்சி விதியையும் நிறுத்தி வைத்தேன், எழுத்துக்கூட்டுப் பக்கம் மட்டும் வேலை செய்தது. கட்டுரைக்கும் இந்தத் தாள் ஆகவில்லை. காரணம் சொல்லி வாதம் செய்கிற வாக்கியத்துக்கு எச்சங்கள் வேண்டும், வெட்டினால் தந்தி மாதிரி ஆகிவிடுகிறது. இந்தக் கட்டுரையிலேயே எண்ணிப் பாருங்கள், என் விதி எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது என்று தெரியும்.

தாளில் எதையாவது மாற்றினால் பக்கத்தில் தேதி போடுகிறேன். எண்களை எழுத்தில் எழுதுவது என்று முதலில் இருந்தது, பஸ் நம்பரும் வெள்ளிக் கணக்கும் மட்டும் இலக்கத்தில் என்று பாதி வழியில் மாறியது. தேதி இருந்ததால் அதற்கு முன் முடித்த ஐந்து கதைகளுக்குத் திரும்பப் போய் அந்த ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதுமானதாக இருந்தது. இப்போது கட்டுரைக்கென்று தனித் தாள் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். யாரும் கை வைக்காத பழைய கட்டுரை என்று என்னிடம் மூன்றுதான் இருக்கிறது, அதனால் இன்னும் அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை.